வலப்பக்க வயிற்றுவலி: நெறிகட்டா, குடல்வாலா?

குழந்தைக்கு அடிவயிற்றின் வலப்பக்கம் வலி வந்தால் பெற்றோருக்கும் மருத்துவருக்கும் முதலில் வரும் சந்தேகம் குடல்வால் அழற்சிதான். அப்பெண்டிசைட்டிஸ் என்று பரவலாகச் சொல்லப்படுவது அதுவே. ஆனால் அதே இடத்தில், கிட்டத்தட்ட அதே மாதிரி வலியைத் தரும் இன்னொரு நோயும் குழந்தைகளுக்கு அடிக்கடி வருகிறது. சிறுகுடலை ஒட்டியிருக்கும் நிணநீர்க் கணுக்கள் வீங்கி வலிப்பதே அது. மருத்துவ நூல்கள் அதை மீசென்டெரிக் அடினைட்டிஸ் என்கின்றன. ஸ்கேன் எடுத்துவிட்டு வரும் பெற்றோர் "வயித்துல நெறி கட்டியிருக்காம்" என்று சொல்வது இதைத்தான். குடல்வால் அழற்சியை உரிய நேரத்தில் கவனிக்காவிட்டால் குடல்வால் வெடித்து வயிறு முழுதும் சீழ் பரவலாம். நெறிகட்டோ பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டால், ஒரு பக்கம் தேவையில்லாத அறுவை சிகிச்சை, மறுபக்கம் உயிருக்கே ஆபத்து.

இரண்டும் ஒரே இடத்தில் வலிப்பதற்குக் காரணம் உடலமைப்பு. சிறுகுடல் வயிற்றுக்குள் தனியாக மிதப்பதில்லை. புடவைக் கொசுவம் போல மடிந்து விரியும் ஒரு சவ்வு அதை வயிற்றின் பின்சுவரோடு பிணைத்து வைத்திருக்கிறது. குடலுக்குப் போகும் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் இந்தக் குடல்தாங்கிச் சவ்வுக்குள்தான் ஓடுகின்றன. நூற்றுக்கும் மேற்பட்ட நிணநீர்க் கணுக்களும் அதற்குள்ளேயே இருக்கின்றன. உணவோடும் நீரோடும் குடலுக்குள் வரும் கிருமிகளைத் தடுத்து நிறுத்துவது அவற்றின் வேலை. சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் முனையில் இந்தக் கணுக்கள் நெருக்கமாகத் திரண்டிருக்கும். அந்த முனை இருப்பது அடிவயிற்றின் வலப்பக்கம். குடல்வால் தொங்குவதும் அங்கேயே, சில சென்டிமீட்டர் தள்ளி.

தொண்டையில் புண் வந்தால் கழுத்தில் நெறி கட்டுவதைப் பார்க்காதவர்கள் குறைவு. வயிற்றுக்குள் நடப்பதும் அதுதான். வெளியே தெரிவதில்லை, அவ்வளவே. பெரும்பாலான குழந்தைகளுக்கு இதன் காரணம் வைரஸ் கிருமி. சளி, தொண்டைவலி, காய்ச்சல் ஆகியவற்றைத் தரும் அடினோ வைரஸ், என்டெரோ வைரஸ் போன்றவையும், வயிற்றுப்போக்கைத் தரும் வைரஸ்களும் இதில் அடங்கும். யெர்சினியா என்ற பாக்டீரியா சிறுகுடலின் கடைசிப் பகுதியையும் அதை ஒட்டிய கணுக்களையும் குறிவைத்துத் தாக்கும். சரியாக வேகாத பன்றி இறைச்சி, காய்ச்சாத பால் வழியாக அது பரவுவதால் ஐரோப்பிய மருத்துவ நூல்களில் அதன் பெயர் அதிகம் அடிபடும். இந்தியாவில் டைபாய்டும் காசநோயும் நினைவில் வைத்திருக்க வேண்டிய காரணங்கள், ஆனால் அவற்றின் போக்கு வேறு.

சளிக்கும் வயிற்றுவலிக்கும் உள்ள இந்த உறவை 1921-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஜோசப் பிரென்மன் எழுதி வைத்தார். தொண்டை நோயோடு வரும் குழந்தைகளில் சிலருக்கு, குடல்வால் அழற்சியோ என்று சந்தேகிக்கும்படி வயிற்றுவலியும் இருப்பதை அவர் கவனித்தார். அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் இந்த நோயை உறுதியாகக் கண்டறிய ஒரே வழிதான் இருந்தது: வயிற்றைத் திறந்து பார்ப்பது. குடல்வாலை எடுக்கப்போன அறுவை மருத்துவர், குடல்வால் நன்றாக இருப்பதையும் பக்கத்தில் கணுக்கள் பருத்திருப்பதையும் கண்டு, நோயின் பெயரை அப்போது மாற்றி எழுதுவார். அந்த நிலையை மாற்றியது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்.

வலி வரும் விதத்திலேயே இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. குடல்வாலின் உட்புழை கெட்டிப்பட்ட மலத்துணுக்காலோ உள்ளே வீங்கிய நிணத்திசுவாலோ அடைபடும்போது உள்ளே சுரக்கும் நீர் தேங்குகிறது, குடல்வால் உப்புகிறது. குடல்வாலுக்குப் போகும் உள்ளுறுப்பு நரம்புகளும் தொப்புளைச் சுற்றிய தோலின் நரம்புகளும் முதுகுத்தண்டின் ஒரே மட்டத்தில் சேர்வதால், வலி முதலில் தொப்புளைச் சுற்றி மந்தமாகத் தெரிகிறது. சில மணி நேரத்தில் அழற்சி குடல்வாலின் வெளிப்புறத்துக்கு வந்து, வயிற்றுச் சுவரின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் சவ்வைத் தொடுகிறது. அந்தச் சவ்வு இடத்தைத் துல்லியமாக உணர்த்தக்கூடியது. ஆகவே வலி தொப்புளை விட்டு வலப்பக்கம் கீழே இறங்கி, ஒரே புள்ளியில் குத்தலாக நிலைகொள்கிறது. தொப்புளுக்கும் வலது இடுப்பெலும்பின் முன்முனைக்கும் இடையே ஒரு கோடு போட்டால், இடுப்பெலும்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் வரும் இடம் அது. 1889-ல் அதை விவரித்த நியூயார்க் அறுவை மருத்துவரின் பெயரால் மக்பர்னி புள்ளி என்று இன்றும் அழைக்கப்படுகிறது.

நெறிகட்டு வலிக்கு இப்படி ஒழுங்கான பயணம் கிடையாது. தொப்புளைச் சுற்றியும் வலிக்கும், வலப்பக்கமும் வலிக்கும். விட்டுவிட்டு வரும். வலி வரும்போது குழந்தை சுருண்டு படுக்கும். அரை மணி நேரம் கழித்து எழுந்து விளையாடப் போய்விடும். குடல்வால் அழற்சி உள்ள குழந்தை அப்படி எழுந்து ஓடுவது அரிது. அதன் வலி இடைவெளியில்லாமல் ஏறிக்கொண்டே போகும். குழந்தை அசையாமல் படுத்திருக்கவே விரும்பும். நடக்க வைத்தால் வலப்பக்கம் குனிந்தபடி மெல்ல நடக்கும். ஆட்டோ வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முகம் சுளிக்கும்.

காய்ச்சல், பசி, வாந்தி மூன்றும் எந்த வரிசையில் வந்தன என்பதையும் கேட்டறிய வேண்டும். குடல்வால் அழற்சியில் பொதுவாக முதலில் வலி, அதன்பின் வாந்தி, பிறகே காய்ச்சல். வெடிக்கும்வரை காய்ச்சல் அவ்வளவு உயர்வதில்லை. பிடித்த பண்டத்தை நீட்டினாலும் குழந்தை வேண்டாம் என்று தலையைத் திருப்பிக்கொள்ளும். நெறிகட்டில் காய்ச்சல் முந்திக்கொண்டு வரும், 102 டிகிரி ஃபாரன்ஹீட் வரைகூடப் போகும். அதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே சளியோ தொண்டைவலியோ இருந்திருக்கும். பசி குறைந்தாலும் முற்றிலும் போய்விடாது. ஆனால் இவை எதுவும் சட்டமல்ல. சளி பிடித்த குழந்தைக்குக் குடல்வால் அழற்சி வரக்கூடாது என்று விதி எதுவும் இல்லை. ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளிடம் இந்த அடையாளங்கள் இன்னும் மங்கலாகவே இருக்கும். எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத அந்த வயதில் நோயைக் கண்டுபிடிப்பதற்குள் குடல்வால் வெடித்துவிடுவது மற்ற வயதினரைவிட அதிகம்.

மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்க்கும்போது தேடுவது இரண்டு செய்திகளை. ஒன்று, அழுத்தும்போது வலிக்கும் இடம் நிலையாக இருக்கிறதா, நகர்கிறதா? குழந்தையை இடப்பக்கம் திரும்பிப் படுக்க வைத்துச் சற்று நேரம் கழித்து மீண்டும் தொட்டால், நெறிகட்டில் வலிக்கும் இடமும் இடப்பக்கம் நகர்வதுண்டு. குடல்தாங்கி தொங்கி அசையக்கூடியது என்பதால் இப்படி. குடல்வால் அழற்சியில் அந்த இடம் மாறாது. இரண்டாவது, வயிற்றுச் சுவரின் உட்சவ்வு பாதிக்கப்பட்டிருக்கிறதா? இதற்கு எளிய சோதனை குழந்தையை இருமச் சொல்வது, அல்லது வலது காலில் நொண்டி அடிக்கச் சொல்வது. குதித்ததும் வலப்பக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடும் குழந்தையைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். சிரித்துக்கொண்டே நாலைந்து முறை நொண்டியடிக்கும் குழந்தைக்கு அழற்சி உட்சவ்வைத் தொட்டிருக்க வாய்ப்பு குறைவு.

இந்த அடையாளங்களை எண்ணாக்கிக் கூட்டிப் பார்க்கும் முறையும் உண்டு. 2002-ல் வெளியான குழந்தைகளுக்கான குடல்வால் அழற்சி மதிப்பெண் அவற்றில் ஒன்று, மொத்தம் 10. இருமும்போதோ குதிக்கும்போதோ வலப்பக்கம் வலித்தால் 2, அந்த இடத்தை அழுத்தும்போது வலித்தால் 2. வலி இடம் பெயர்ந்தது, பசியின்மை, குமட்டல் அல்லது வாந்தி, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், இரத்தத்தில் வெள்ளணுக்கள் 10,000-ஐத் தாண்டுவது, அவற்றில் நியூட்ரோஃபில் வகை 7,500-ஐத் தாண்டுவது ஆகிய ஆறுக்கும் தலா 1. மூன்றும் அதற்குக் கீழும் வந்தால் குடல்வால் அழற்சிக்கு வாய்ப்பு குறைவு. ஏழும் அதற்கு மேலும் வந்தால் வாய்ப்பு அதிகம். தொல்லை தருவது நடுவில் வரும் நான்கு, ஐந்து, ஆறு. நெறிகட்டுக் குழந்தைகள் பலர் வந்து நிற்பது இந்த நடு இடத்தில்தான்.

எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். எடை 24 கிலோ. மூன்று நாளாகச் சளியும் தொண்டைவலியும். நேற்று இரவு 101 டிகிரி காய்ச்சல். இன்று காலையிலிருந்து வலப்பக்கம் வயிற்றுவலி, ஒருமுறை வாந்தி. ஆனால் மதியம் கொஞ்சம் ரசம் சாதம் சாப்பிட்டிருக்கிறான். வலி தொப்புளில் தொடங்கி நகரவில்லை. வலப்பக்கம் அழுத்தினால் வலிக்கிறது, குதித்தால் வலிக்கவில்லை. இரத்தத்தில் வெள்ளணுக்கள் 8,600, நியூட்ரோஃபில் 4,900. மதிப்பெண் போட்டால் அழுத்த வலிக்கு 2, காய்ச்சலுக்கு 1, வாந்திக்கு 1, ஆக மொத்தம் 4. வீட்டுக்கு அனுப்பவும் துணிவில்லை, அறுவை அரங்குக்கு அனுப்பவும் காரணமில்லை. அடுத்தது ஸ்கேன்.

அல்ட்ராசவுண்டில் குடல்வாலைப் பார்க்கும் முறையை 1986-ல் நெதர்லாந்தின் கதிரியல் மருத்துவர் யூலியன் பைலார்ட் விவரித்தார். ஸ்கேன் கருவியின் முனையால் வலப்பக்க அடிவயிற்றை மெல்ல மெல்ல அழுத்திக்கொண்டே போவதுதான் அதன் சூட்சுமம். அழுத்தும்போது குடலில் உள்ள காற்று விலகிப் பார்வை தெளியும். நல்ல குடல்வால் அழுத்தத்தில் நசுங்கிக் கொடுக்கும். அழற்சியுற்ற குடல்வால் நசுங்காது. அதன் குறுக்களவு 6 மில்லிமீட்டரைத் தாண்டியிருக்கும், சுற்றியுள்ள கொழுப்பு வெண்மையாகத் தடித்துத் தெரியும், சில சமயம் உள்ளே கல் போன்ற மலத்துணுக்கும் தெரியும். கணுக்களின் அளவும் இதே ஸ்கேனில் தெரிந்துவிடும். குறுகிய பக்கத்தில் 5 மில்லிமீட்டருக்கு மேல் அளவுள்ள மூன்று கணுக்களோ அதற்கு மேலோ கொத்தாக இருந்தால் நெறிகட்டு என்று எழுதுவது பரவலான வழக்கம்.

குழப்பம் தொடங்குவதும் இந்த அளவுகோலில்தான். வயிற்றுவலியே இல்லாமல் வேறு காரணத்துக்காக ஸ்கேன் எடுக்கப்பட்ட குழந்தைகளில் பலருக்கும் 5 மில்லிமீட்டரைத் தாண்டிய கணுக்கள் இருக்கின்றன. குழந்தையின் நோயெதிர்ப்பு அமைப்பு நாள்தோறும் புதுப்புதுக் கிருமிகளைச் சந்திக்கிறது. கணுக்கள் சற்றுப் பருத்திருப்பது அந்த வயதின் இயல்பு. அதனால்தான் குழந்தைகளுக்கு 8 மில்லிமீட்டரை எல்லையாக வைக்க வேண்டும் என்று சொல்லும் மருத்துவர்கள் உண்டு. இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரிது. குடல்வால் அழற்சியிலும் பக்கத்திலுள்ள கணுக்கள் வீங்கும். ஆகவே ஸ்கேன் அறிக்கையில் "கணுக்கள் வீங்கியுள்ளன" என்ற ஒரு வரி மட்டும் இருந்தால் அது குடல்வால் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது. அறிக்கையில் தேட வேண்டியது வேறொரு வரி: குடல்வால் கண்ணுக்குத் தெரிந்ததா, முனைவரை இயல்பாக இருந்ததா?

அந்தச் சிறுவனின் ஸ்கேனில் குடல்வால் அடியிலிருந்து முனைவரை தெரிகிறது, 4.5 மில்லிமீட்டர், அழுத்தினால் நசுங்குகிறது. பக்கத்தில் ஐந்து கணுக்கள். பெரியது 14-க்கு 9 மில்லிமீட்டர். கருவியின் முனையை அந்தக் கணுக்கள் மேல் வைத்து அழுத்தும்போதுதான் அவன் "ஆ" என்கிறான். சளி, காய்ச்சல், பசி, இரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் ஒரே பக்கம் கைகாட்டுகின்றன. நெறிகட்டு என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பலாம், மறுநாள் ஒருமுறை வந்து காட்டச் சொல்லி.

அதே சிறுவனுக்குக் குடல்வால் தெரியவில்லை என்று அறிக்கை வந்திருந்தால்? அப்படி வருவது சாதாரணம். குடல்வால் பெருங்குடலுக்குப் பின்னால் மறைந்திருக்கலாம், காற்று மறைத்திருக்கலாம், குழந்தை அழுது புரண்டிருக்கலாம். அப்போது பெயர் சூட்ட அவசரப்படாமல் மருத்துவமனையில் வைத்துக் கவனிப்பதே முறை. ஆறு முதல் எட்டு மணி நேர இடைவெளியில் அதே மருத்துவர் மீண்டும் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார். வெள்ளணுக்களை மறுபடி எண்ணுவார்கள், தேவையானால் ஸ்கேனையும் திரும்ப எடுப்பார்கள். குடல்வால் அழற்சி ஓரிடத்தில் நிற்காது. நேரம் போகப் போகத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். நெறிகட்டு அதே நிலையில் இருக்கும் அல்லது தணியும். அப்போதும் தெளிவு கிடைக்காவிட்டால் சி.டி. ஸ்கேனோ எம்.ஆர்.ஐ. ஸ்கேனோ உதவும். குழந்தைக்கு எக்ஸ்ரே கதிர்வீச்சைக் குறைக்க வேண்டும் என்பதால் சி.டி. முதல் தேர்வல்ல.

காத்திருக்கும் நேரத்தில் வலிக்கு மருந்து கொடுத்தால் நோய் மறைந்துவிடும் என்ற பழைய அச்சம் இன்றும் பலருக்கு இருக்கிறது. வலி குறைந்த குழந்தை வயிற்றைத் தளர்வாக வைத்திருப்பதால் பரிசோதனை எளிதாகிறதே தவிர, நோய் மறைவதில்லை. உண்மையில் தவிர்க்க வேண்டியவை வேறு. எதற்கும் இருக்கட்டும் என்று கொடுக்கப்படும் ஆன்டிபயாடிக் குடல்வால் அழற்சியை ஓரிரு நாள் அடக்கிவைத்து, கண்டுபிடிப்பதைத் தாமதப்படுத்தலாம். குடலேற்றம் என்று சொல்லி எண்ணெய் தடவி வயிற்றை நீவி விடுவதும், விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக்குவதும் இன்னும் ஆபத்தானவை. உப்பி நிற்கும் குடல்வாலுக்கு அந்த அழுத்தம் கேடு செய்யும்.

கடும் வலி திடீரென்று குறைவதையும் நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. குடல்வால் வெடிக்கும்போது உள்ளே இருந்த அழுத்தம் விடுபடுவதால் சிறிது நேரம் வலி தணிந்தது போலிருக்கும். அதன்பின் வயிறு முழுதும் வலியும் உப்புசமும் உயர்ந்த காய்ச்சலுமாக நிலைமை மோசமாகும். வலி தொடங்கி முதல் ஒன்றரை நாளுக்குப் பிறகு வெடிக்கும் வாய்ப்பு ஏறத் தொடங்குகிறது.

வலப்பக்க வலியெல்லாம் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், வலது நுரையீரலின் அடிப்பகுதியில் வரும் நிமோனியா ஆகியவையும் அங்கே வலியைக் காட்டும். சிறுவர்களுக்கு விரையையும் பார்க்காமல் வயிற்றுப் பரிசோதனை முடிந்ததாகாது. விரை முறுக்கிக்கொண்டாலும் குழந்தை வயிறு வலிக்கிறது என்றுதான் சொல்லும். சிறுமிகளுக்குச் சூலகம் முறுக்கிக்கொள்வது இதேபோல அவசரமானது.

நெறிகட்டு என்று முடிவான பிறகு செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால், ஒரு வேளைக்கு எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம். 24 கிலோ சிறுவனுக்கு ஒரு வேளைக்குச் சுமார் 350 மில்லிகிராம் வரும். 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப்பானால் 7 மில்லி, 125 மில்லிகிராம் உள்ளதானால் 14 மில்லி. இரண்டு வகை பாட்டிலும் கடையில் கிடைப்பதால் லேபிளைப் பார்த்து அளப்பது முக்கியம். கஞ்சி, இளநீர், மோர் என்று நீர் ஆகாரம் போதுமான அளவு. காரணம் வைரஸ் என்றால் ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. டைபாய்டு போன்ற பாக்டீரியா நோய் உறுதியானால் மட்டுமே அது தேவை. வலி பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் நிற்கும், சிலருக்கு நாலு வாரம் வரை விட்டுவிட்டு வரும். வலி இடைவிடாமல் ஏறினால், பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால், வயிறு பலகை போல் விறைத்தால், மலத்தில் இரத்தம் வந்தால், குழந்தை நடக்க மறுத்தால், இரவானாலும் மருத்துவமனைக்குத் திரும்பிப் போக வேண்டும்.

வலி நின்ற பிறகும் கணுக்கள் ஸ்கேனில் பல வாரம் தெரியக்கூடும். அவை சுருங்கிவிட்டனவா என்று திரும்பத் திரும்ப ஸ்கேன் எடுப்பதால் கிடைப்பது கவலை ஒன்றுதான். இந்தியப் பெற்றோருக்கு இங்கே கூடுதலாக ஓர் அச்சம் உண்டு: நெறி கட்டினால் காசநோயோ என்று. வயிற்றுக் காசநோய் ஒரு வாரத்தில் வந்து போகும் வலியாக இருப்பதில்லை. வாரக்கணக்கில் மாலைக் காய்ச்சல், எடை இழப்பு, வளர்ச்சிக் குறைவு, வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்த வரலாறு ஆகியவை அதற்கான தடயங்கள். ஸ்கேனிலும் கணுக்கள் பெரிதாகி ஒன்றோடொன்று ஒட்டி, நடுவில் அழுகியோ சுண்ணம் படிந்தோ தெரியும். வயிற்றில் நீரும் கோத்திருக்கலாம். இந்த அடையாளங்கள் இருந்தால் முறையான பரிசோதனைகள் தேவை. நன்றாகச் சாப்பிட்டு எடை கூடிவரும் ஒரு குழந்தைக்கு, 8 மில்லிமீட்டர் கணுக்கள் சில இருக்கின்றன என்ற ஸ்கேன் வரியை மட்டும் நம்பி ஆறு மாதக் காசநோய் மருந்தைத் தொடங்குவதற்கு எந்த நியாயமும் இல்லை.